துறைத்தலைவரின் கடைவாய்ப்பல்

ஓய்வு பெற்ற பேராசிரியனை இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று ரிப்பன் வெட்ட, இன்னொன்று வாய்மொழித் தேர்வுக்கு. ரிப்பன் என்றால் கத்தரிக்கோலோடு முடிந்துவிடும். தேர்வு அப்படி இல்லை. சமுதாயப் பல் மருத்துவத் துறையின் அந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்காலியின் பிரம்புத் தடம் என் முதுகில் உலக வரைபடம் போலப் பதிந்துவிட்டது.

என் பக்கத்தில் துறைத்தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அட்டவணை'. நோய் பக்கவாட்டில், தடுப்பு நிலைகள் மேலே என்று கட்டம் போட்ட தாள் ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது: வலது கன்னத்தில் ஒரு கைக்குட்டை. பல் வலி என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஏசி காத்து" என்றார், உள்ளே வந்த எல்லோரிடமும். அந்த அறையில் ஏசி போன ஆட்சியிலேயே செத்துப்போயிருந்தது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பயிற்சி மருத்துவராகி ஸ்டெத் இல்லாத குறையாக நடைபோட, இவள் மட்டும் காலி விடுதியில் பல்லிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். இன்றும் தோற்றால் இன்னும் அரை வருடம் அதே பல்லிகள்தான். மதிப்பெண்ணில் அவள் விளிம்பில் நின்றாள். தேறுவதற்கு எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

"தடுப்புன்னா என்னம்மா?" என்றேன், நல்லபடியாகத் தொடங்கட்டும் என்று.

"நோய் வராம பாத்துக்கறது முதல் நிலை சார். வந்ததை ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு உடனே வைத்தியம் பண்றது இரண்டாம் நிலை. முத்திப்போச்சுன்னா சேதத்தை மட்டுப்படுத்தி, இழந்ததை ஈடுகட்டறது மூணாவது."

"தண்ணியில ஃபுளோரைடு?" அட்டவணை பாய்ந்தார்.

"முதல் நிலை. குறிப்பிட்ட பாதுகாப்பு."

"கால்பந்து ஆடற பசங்களுக்கு வாய்க்கவசம்?"

"அதுவும் முதல் நிலைதான் சார். பல்லு உடைஞ்சப்புறம் கவசம் மாட்டி என்ன பண்றது?"

"கூடுதலா பேசாதே. கன்னத்துல வெள்ளைத் திட்டு இருக்கான்னு புகையிலை போடறவங்களைப் பரிசோதிக்கறது?"

"இரண்டாம் நிலை. இருந்தா திசு எடுத்துப் பார்க்கணும். புத்துநோய்னு தாடை எடுத்தப்புறம் செயற்கை உறுப்பு பொருத்தறது மூணாம் நிலை, மறுவாழ்வு. பல்லு போன இடத்துக்குக் கட்டுற பல் செட்டும் அதே வீடுதான்."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பிரம்பு விடவில்லை.

அட்டவணை, தட்டில் கிடந்த பிடுங்கிய பற்களில் ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டினார். தலைமுறை தலைமுறையாக மாணவர்களை அழவைத்த கடைவாய்ப்பல் அது. "இது ஒரு பள்ளிக்கூடப் பையன் வாயில இருக்குன்னு வச்சுக்கோ. மேல இருக்கிற பள்ளத்தை அடைக்க சீலண்ட் போடறோம். எந்த நிலை?"

அவள் பல்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இரண்டாம் நிலை சார்."

"தப்பு! சீலண்ட் முதல் நிலை." அவர் தாளைத் தட்டினார். "இதோ கட்டம்."

"நல்ல பல்லுல போட்டா முதல் நிலைதான் சார். இதுல பள்ளத்தோட ஓரம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. குழி விழல, ஆனா சொத்தை ஆரம்பிச்சாச்சு. இங்க சீலண்ட் நோயை நிறுத்தத்தான் போடறோம், வராம தடுக்க இல்ல."

நானும் வாங்கிப் பார்த்தேன். பூஞ்சை படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. அவள் சொன்னதுதான். "சரியாத்தானே சொல்றா" என்றேன்.

"ஐயா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. கட்டம் ரிட்டயர் ஆகலை. பதில் தாள்ல சீலண்ட், முதல் நிலை. அவ்வளவுதான். 'பார்த்துச் சொல்றேன்'னு ஒரு கட்டம் இல்லை."

இரண்டு முறை தோற்றதும் இப்படித்தான் என்றாள் அவள்! முதல் தடவை, வெள்ளைப் புள்ளி விழுந்த பல்லுக்கு ஃபுளோரைடு பூசுவதை இரண்டாம் நிலை என்றாளாம். கட்டத்தில் ஃபுளோரைடு முதல் நிலை. அடுத்த தடவையும் அதே கதையாம். மனப்பாடம் செய்யத் தெரியாத ஒரே குற்றத்துக்காக ஒருத்தி பல்லிகளோடு வாழ்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கெஞ்சினேன். தேர்வாளனின் கௌரவத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "உங்க அப்பா மாதிரி கேட்டுக்கறேன்" என்றுகூடச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. கைக்குட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்தார். பேச்சு ஏறியதில் வலியும் ஏறியிருக்க வேண்டும். "ஸ்ஸ்ஸ்" என்றார், குக்கர் தோற்றது.

"சார், அது ஏசி இல்ல" என்றாள் அவள்.

"வாயை மூடு."

"நீங்கதான் சார் திறக்கணும்."

நான் சிரிப்பை அடக்கியதில் என் பனியன் கிழிந்தது. "ஏன்யா, வீம்பு எதுக்கு? இதையும் கேள்வியா வச்சுக்குவோம். உங்க பல்லு எந்த நிலை?" என்றேன்.

"சின்னக் குழிதான். ஃபில்லிங் பண்ணிக்கிட்டா போதும். இரண்டாம் நிலை, உடனடி வைத்தியம்" என்றார் அட்டவணை, கட்டத்தைப் பார்க்காமலே.

அவள் கை, தட்டிலிருந்த வாய் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டுவிட்டு விலகியது. "இது செத்த பல்லுக்கு உபயோகிக்கிற கண்ணாடி, வேண்டாம். கேட்டுக்கறேன். சார், எப்போலருந்து?"

"போன வருஷமே தெரியும். நேரம் இல்லை."

"பச்சைத் தண்ணி குடிச்சா கூசுதா?"

"கூசுது. குடிச்சு முடிச்சப்புறமும் ரொம்ப நேரம் விண்ணுவிண்ணுன்னு நிக்குது."

"ஒண்ணும் சாப்பிடாம, சும்மா இருக்கும்போது?"

"தானாவே வருது. படுத்தா இன்னும் மோசம்."

"அப்படின்னா நரம்பு வரைக்கும் போயாச்சுன்னுதான் தோணுது சார். எக்ஸ்ரே எடுத்து, தட்டிப்பார்த்து உறுதி பண்ணிக்கணும். அப்படித்தான்னா ஃபில்லிங் போதாது. வேர் சிகிச்சை. மூணாம் நிலை, சேதத்தை மட்டுப்படுத்தறது. போன வருஷம் வந்திருந்தா நீங்க சொன்ன ஃபில்லிங்தான், இரண்டாம் நிலைதான். அதுக்கும் முன்னாடி, பல்லு நல்லா இருந்தப்பவே பள்ளத்தை அடைச்சிருந்தா முதல் நிலை." அவர் கையிலிருந்த தாளைக் காட்டிச் சொன்னாள்: "அதே பல்லு சார். தாள் மாறல. நீங்க வந்து சேர்ந்த நேரம்தான் மாறியிருக்கு."

அட்டவணை தன் தாளைப் பார்த்தார். 'ஃபில்லிங்' கட்டத்தில் ஒரு விரல், 'வேர் சிகிச்சை' கட்டத்தில் இன்னொரு விரல். இரண்டுக்கும் நடுவில் அவருடைய ஒரு வருடம்.

பிறகு தட்டிலிருந்த அந்தப் பழைய கடைவாய்ப்பல்லை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதை மூக்கு நுனிவரை கொண்டுபோனார். இத்தனை வருடங்களில் அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சத்தியம் செய்வேன்.

"வெளுத்துத்தான் இருக்கு" என்றார், பாக்கெட்டைப் பறிகொடுத்தவர் குரலில்.

"போடுங்க கையெழுத்தை" என்றேன்.

போட்டார். அவள் 'தேங்க்ஸ் சார்' என்று சொல்வதற்குள் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

அத்தோடு விட்டாரா மனிதர்? மேஜை டிராயரைத் திறந்து ஒரு வலி மாத்திரையை எடுத்தார். "இப்போதைக்கு இது போதும்."

"சார், அது எந்தக் கட்டத்துலயும் இல்ல" என்றாள் அவள்.

"பாஸ் போட்டாச்சுன்னா வாய் நீளுது, பாருங்க ஐயா!"

நான்தான் அவர் கையைப் பிடித்து, கீழ்த்தளச் சிகிச்சை அறைவரை இழுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டு முழுக்க வாதம். நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சு வைத்த பிறகும் வாதம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுப் பதில் தாளை மாற்றுவீரா என்று கேட்டேன். பஞ்சுக்கு மேலாக, ஒவ்வொரு எழுத்தையும் துப்பித் துப்பிச் சொன்னார்:

"சீலண்ட், முதல் நிலை. அடிக்குறிப்பு மட்டும் போடலாம்: பல்லைப் பார்க்கவும்."