முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

மராத்தி பேசும் நிக்டியில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் புது சிமென்ட் பிட்ச் போட்டு முடித்திருந்தார்கள். விளையாட்டு ஆசிரியை வைஷாலி முதல் பந்தை அதில் தானே போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். பல்கலைக்கழக அணிக்கு வேகப்பந்து வீசியவள். கை மறக்கவில்லை. ஆனால் பந்து வழக்கமாக விழ வேண்டிய இடத்தில் விழாமல் எதிர்முனை ஸ்டம்புக்கு நெருக்கமாகப் போய் விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே. கையில் கோளாறு இல்லை, தரையில்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்டோர் ரூமிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வந்தாள். ஸ்டம்ப் நடுவதற்கென்று சிமென்டிலேயே இரண்டு முனையிலும் குழி விட்டிருந்தார்கள். இந்த முனை நடுக்குழியில் ஒரு ஆணியை நிறுத்தி டேப்பின் நுனியை மாட்டிவிட்டு, அந்த முனை நடுக்குழிவரை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பத்தொன்பது மீட்டர் எண்பது. இருக்க வேண்டியது இருபது மீட்டர் பன்னிரண்டு.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். தனக்குக் கெஜமும் அடியும் தெரியாது என்றும், மீட்டரில் கேட்டதற்கு ஆபீஸில் பத்ரிநாத் ஸார் கொடுத்த அளவு இதுதான் என்றும் அவன் சொன்னான்.

பத்ரிநாத் பள்ளியின் நிர்வாக அதிகாரி. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வைஷாலியின் அப்பா கிருஷ்ணஸ்வாமிக்குக் கோயில் கமிட்டிப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அவளுக்கு இந்த வேலையே கிடைத்தது என்று பத்ரிநாத் நம்பினார். அவள் நம்பவில்லை. அதுவே அவர்களுக்குள் பாதிப் பகை. மீதிப் பாதி மொழியில் இருந்தது. மற்றவர்களிடம் மராத்தியிலும் இங்கிலீஷிலும் மரியாதையாகப் பேசுகிறவர், அவளைத் திட்ட வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு மாறுவார். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது. ஏதோ ஊர்க்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிக்டியிலேயே பிறந்து வளர்ந்த வைஷாலிக்குக் கோபத்துக்குத் தேவையான தமிழ் வாயில் வராது. அது அவருக்குத் தெரியும்.

அவள் ஆபீஸுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு கெஜம், ஒரு கெஜத்துக்கு மூன்று அடி, ஆக அறுபத்தாறு அடி, அடிக்கு முப்பது சென்டிமீட்டர், பெருக்கிப் பார் என்றார்.

"அடிக்கு முப்பது இல்ல ஸார். முப்பது புள்ளி நாலு எட்டு."

மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து அவர் அவள் பக்கம் தள்ளினார். "ஒரு பக்கம் முப்பது சென்டிமீட்டர். இன்னொரு பக்கம் பன்னெண்டு இஞ்ச். ரெண்டும் ஒண்ணுதானே? சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

வைஷாலி ஸ்கேலைக் கையில் எடுத்தாள். பன்னிரண்டு இஞ்சுக் கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து, மறுபக்கத்தை அவருக்குக் காட்டினாள். முப்பதாவது கோடு அவள் நகத்துக்கு உள்பக்கமே முடிந்துபோயிருந்தது. நடுவே அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சந்து.

"இந்த அரை சென்டிமீட்டருக்கா இங்க வந்து நிக்கறே?"

"ஒரு அடிக்கு இவ்ளோ, ஸார். அறுபத்தாறு அடிக்கு?"

அடுத்த மேஜையில் இருந்த கிளார்க் பெண் ஸ்கேலை எட்டிப் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் ஸ்கேல் புரியும். அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பத்ரிநாத்தின் காது சிவந்தது. வைஷாலி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளும் லேசுப்பட்டவளில்லை. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் குறைகிறது, ஒரு முழு அடியையே தின்றுவிட்டு மேலும் கொஞ்சம் தின்றிருக்கிறீர்கள் என்று தன் உடைந்த தமிழில் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் போன் மணி அடித்தது. அப்பா போனை வைத்துவிட்டு, பெரிய மனுஷனிடம் எதற்கு வம்பு, அவர் வைத்தது வைத்தபடி இருந்தால் உனக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டார். தனக்கு ஒன்றும் குறையாது என்றும், இதில் பந்து போட்டுப் பழகுகிற பிள்ளைகள் வேறு மைதானத்துக்குப் போனால் அவர்கள் போடும் பந்தெல்லாம் விழ வேண்டிய இடத்துக்கு ஒரு அடி முன்னாலேயே விழும் என்றும் அவள் சொன்னாள். இங்கே மட்டை பிடிப்பவனுக்குப் பந்து சீக்கிரமே வந்து சேரும் என்பதையும் சொன்னாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

பள்ளிகளுக்கிடையிலான போட்டியை அந்த வருடம் அவர்கள் மைதானத்தில் நடத்துவதாக ஏற்பாடு. பிட்சைப் பார்த்துச் சரி சொல்ல, போட்டிக் கமிட்டி சார்பில் கசார்வாடியிலிருந்து முகமது ரஃபீக் என்ற அம்பயர் வருவதாக இருந்தது. அதற்கு முன்பு கோடுகளையாவது சரியான அளவில் போட்டுவிட வேண்டும் என்று வைஷாலி சுண்ணாம்பைக் கரைத்து வைத்தாள். குழிகளை அடைத்துவிட்டு, கட்டையில் பொருத்திய ஸ்டம்புகளைச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கோடுகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. குழிகளை ஒட்டி, அதே பத்தொன்பது எண்பதுக்கு, பளிச்சென்று. சுண்ணாம்பு வாளி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. யார் உத்தரவு என்று தோட்டக்காரரிடம் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரஃபீக் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பேச்சு குறைவான மனிதர். தன் டேப்பைத் தானே கொண்டுவந்திருந்தார். பிரின்சிபால் மேடம், பத்ரிநாத், வைஷாலி மூவரும் பிட்சின் ஓரத்தில் நின்றார்கள். ரஃபீக் முதலில் அகலத்தைப் பார்த்தார். மூன்று மீட்டர். ஸ்டம்ப் வரிசைக்கும் மட்டைக்காரர் நிற்கும் முன்கோட்டுக்கும் நடுவே ஒன்று புள்ளி இரண்டு. நாலு அடி என்றால் ஒன்று புள்ளி இரண்டு இரண்டு வர வேண்டும், இரண்டு சென்டிமீட்டர்தானே, கோட்டைத் திருத்தினால் போயிற்று என்று தனக்குத்தானே மராத்தியில் சொல்லிக்கொண்டார். பத்ரிநாத் வைஷாலியை ஜெயித்தவர்போல் ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு ரஃபீக் நீளத்தை அளந்தார். டேப்பைத் தளர்த்தி மறுபடி இழுத்து அளந்தார். எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டே, இந்த அளவை மீட்டருக்கு மாற்றியது யார் என்று கேட்டார்.

"எங்கள் விளையாட்டு ஆசிரியை" என்றார் பத்ரிநாத், சுத்தமான மராத்தியில்.

வைஷாலிக்கு ஒரு கணம் காதில் விழுந்தது மூளைக்கு எட்டவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பத்ரிநாத் அவள் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பு மாறாமல், குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார்.

"ஆமான்னு சொல்லிடு. கணக்குல பிசகிடுத்துன்னு சொல்லு. வேலை ஒனக்கு நிலைக்கணுமா வேண்டாமா? நாளைக்கு உங்கப்பா என்னண்டதான் வந்து நிக்கணும்."

பிரின்சிபால் மேடம் வழக்கம்போல் புன்னகையோடு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வைஷாலிக்கு உடம்பு முழுதும் சூடேறிற்று. இத்தனை நாள் இந்த ஆளிடம் தமிழில் பதில் தேடித் தேடித் தோற்றது அவளுக்கு நினைவு வந்தது. தேட வேண்டிய தேவையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பிரின்சிபால் பக்கம் திரும்பி, தனக்கு நன்றாக வருகிற மராத்தியில் நிதானமாகச் சொன்னாள்.

"மேடம், பத்ரிநாத் ஸார் இப்ப எங்கிட்ட தமிழ்ல என்ன சொன்னார் தெரியுமா? தப்பை நான் பண்ணதா ஒத்துக்கணுமாம். இல்லேன்னா வேலை போயிடுமாம். எங்க அப்பா அவர்கிட்ட வந்து நிக்கணுமாம். அளவு கொடுத்தது அவர். கான்ட்ராக்டரை இப்பவே போன்ல கேளுங்க."

புன்னகை பிரின்சிபாலின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. பத்ரிநாத், அந்தப் பெண் தமிழைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவள், தப்பாக மொழிபெயர்க்கிறாள் என்றார். அதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளை மேலும் எரியவைத்தது. பிரின்சிபால் போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சரிசெய்ய முடியுமா என்று ரஃபீக்கிடம் மட்டும் கேட்டார். சிமென்ட் தளம் இரண்டு பக்கமும் ஸ்டம்புக்குப் பின்னால் நீட்டிப் போட்டிருப்பதால் இடம் இருக்கிறது, ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு மறுமுனையை முப்பத்திரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, கோடுகளை அழித்துப் போட்டால் போதும், மாலையில் வந்து பார்க்கிறேன் என்றார் ரஃபீக்.

வெயில் ஏற ஏற வைஷாலி தனியாளாக அந்த வேலையைச் செய்தாள். பழைய கோட்டைத் தேய்த்து அழித்தாள். ஆணியும் நூலும் வைத்துப் புதுக்கோடு போட்டாள். ஸ்டம்ப் கோடு இரண்டு முனையிலும் எட்டு அடி எட்டு அங்குலம், அதாவது இரண்டு புள்ளி ஆறு நாலு மீட்டர். இந்த முனை இடக்கோடியிலிருந்து அந்த முனை வலக்கோடிக்கும், அதேபோல மறுகுறுக்கிலும் டேப்பைப் போட்டுப் பார்த்தாள். இரண்டும் இருபது புள்ளி இரண்டு ஒன்பது. கோணல் இல்லை. மாலையில் ரஃபீக் அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

போட்டி நடந்தது. வைஷாலி அதைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவளைப் பஸ் டியூட்டியில் போட்டிருந்தார்கள். ஹிஞ்சேவாடிப் பக்கம் போகிற பஸ்ஸில், கம்பெனி வண்டிகளின் நெரிசலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரின்சிபால் பத்ரிநாத்தை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்காகவும் ஒன்றும் செய்யவில்லை. கோயிலில் அப்பாவைக் கமிட்டியிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் அதற்கு மகளைத்தான் திட்டினார். ஆபீஸில் பத்ரிநாத் அவளிடம் தமிழ் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார்.

போட்டி முடிந்தபின், பின்னால் தள்ளிய முனையின் பழைய குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுச் சரியான இடத்தில் புதுக்குழி போடுவதென்று முடிவாயிற்று. டிரில் வைத்திருந்த ஆள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்றான். தனியாக வந்திருந்தான். அளவு சொல்ல வைஷாலியும், மேற்பார்வைக்குப் பத்ரிநாத்தும் வந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. மாறாத முனையின் குழியில் பழைய ஸ்டம்ப் கட்டை ஒன்று உடைந்து சிக்கிக்கொண்டிருந்ததால் ஆணி நிற்கவில்லை. டேப்பின் நுனியை யாராவது கையால் பிடித்துத்தான் ஆக வேண்டும். டிரில்காரன் இந்தியில், ஸார் அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்கள் என்றான்.

பத்ரிநாத் அசையாமல் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, டேப்பின் நுனியைக் கட்டையின் நடுவில் வைத்து அழுத்தினார். வைஷாலி மறுமுனைக்கு நடந்து டேப்பை இழுத்தாள். தொய்வு இருந்தது.

"இழுத்துப் பிடிங்க" என்றாள் தமிழில்.

அவர் பிடித்தார். தேவைக்கு மேலேயே இழுத்தார், அவள் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறவர்போல. அவளும் விடவில்லை. டேப் தரையை விட்டு எழும்பி நேர்கோடாக நின்றது. இருபது புள்ளி பன்னிரண்டில் அவள் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, டிரில்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.