ஜாமீன் வாபஸ்

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஓடியாடி ஓய்வு பெற்றவள் நர்ஸம்மா. கையில் வந்த பதினோரு லட்சத்தை அப்படியே வங்கியில் டெபாசிட் போட்டிருந்தாள். வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டையே விலை பேசி, ஐம்பதாயிரம் முன்பணமும் கொடுத்தாயிற்று. இரண்டு மாதத்தில் டெபாசிட் முதிரும். மறுநாளே பத்திரப் பதிவு.

அதே வங்கியில்தான் அவள் தம்பியின் கணக்கும் இருந்தது. அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தான். எட்டு லட்சம் வரை எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம் என்று ஓவர் டிராஃப்ட் வசதி. அதற்கு ஜாமீன் அக்காதான். "சும்மா பேருக்குத்தான்க்கா" என்று மூன்று வருஷத்துக்கு முன் அவன் நீட்டிய காகிதங்களில், ஊசி போடும் வேகத்தில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பட்டறையில் பசை தடவுகிறவர் ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். பெட்டி வாங்கிக்கொண்டிருந்த பிஸ்கட் கம்பெனியை மூடிவிட்டார்களாம். தனக்கு இரண்டு வாரக் கூலி பாக்கியாம். 

நர்ஸம்மா நேரே தம்பியிடம் போனாள். புது ஆர்டர் ஒன்று கைக்கு வரப் போகிறது, இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினான். அவன் கணக்குப்படி அதற்குள் கடன் பாதியாகிவிடும். அவன் மனைவி மட்டும் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணி, வார்டுல நோயாளியை எல்லாம் இப்படித்தான் பாதியில விட்டுட்டு வருவீங்களா?" என்றாள். நர்ஸம்மா காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

ரத்தம் கொட்டினால் முதலில் கட்டுப் போட்டு நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அவள் கற்ற தொழில் அதுதான். மறுநாள் காலையில் ஜாமீனை வாபஸ் வாங்குவதாகக் கடிதம் எழுதி மேனேஜரிடம் நீட்டினாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே அவர் எடுக்கிற பணத்துக்கு உங்களுக்குப் பொறுப்பு இல்லம்மா. ஆனா இன்னிக்கு வரைக்கும் எடுத்ததுக்கு உண்டு. ஏழு லட்சத்து எண்பதாயிரம் நிக்குது."

"அதைத் தம்பி கட்டிடுவான். மேல ஏறாம இருந்தா போதும்."

"இந்த லெட்டரை வாங்கிட்டா நாங்க கணக்கை நிறுத்தித்தான் ஆகணும். யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். பட்டறையில் பெட்டி வெட்டும் மெஷின் வங்கியின் அடமானத்தில் இருக்கிறது. எது நடந்தாலும் முதலில் அதைத்தானே விற்பார்கள் என்று தோன்றியது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரமே கணக்கு நின்றது. புது ஆர்டருக்காகக் காகித வியாபாரிக்குத் தம்பி கொடுத்திருந்த செக் திரும்பியது. காகிதம் வரவில்லை, ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. வங்கி மொத்தக் கடனையும் திருப்பிக் கேட்டு இரண்டு நோட்டீஸ் அனுப்பியது: ஒன்று தம்பிக்கு, ஒன்று அக்காவுக்கு. வாசகம் அச்சு அசலாக ஒன்றே.

நோட்டீஸும் கையுமாக ஓடினாள். "மெஷினை வித்து எடுத்துக்கிட்டு, குறைஞ்சா என்கிட்ட கேளுங்க சார்."

மேனேஜர் அவள் கையெழுத்துப் போட்ட ஜாமீன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "வாங்கினவர் கிட்டதான் முதல்ல கேக்கணும்னு இல்லம்மா. ரெண்டு பேரும் எங்களுக்கு ஒண்ணுதான். அந்தப் பழைய மெஷின் ஏலத்துல எப்போ போகும், எவ்வளவுக்குப் போகும்? உங்க டெபாசிட் இங்கயே இருக்கு."

அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. காய்ச்சல் அளவைச் சொல்லும் குரல். அவளே எத்தனையோ பேரிடம் அப்படிப் பேசியிருக்கிறாள்.

டெபாசிட் முதிர்ந்தது. நோட்டீஸில் சொன்னபடி கடன், வட்டி, அபராதம் எல்லாம் கழிந்து இரண்டே முக்கால் லட்சம் மிஞ்சியது. வீட்டுக்காரர் பத்து நாள் பார்த்துவிட்டு வேறொருவருக்குப் பேசி முடித்தார். முன்பணமும் போயிற்று, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

கடன் தீர்ந்ததற்கான சீட்டோடு, வங்கியின் பெயர் அச்சிட்ட உறையில் அடமானக் காகிதங்களையும் போட்டுக் கொடுத்தார் மேனேஜர். முழுக்கக் கட்டியவர் அவள். ஆகவே வங்கிக்குத் தம்பி மேல் இருந்த உரிமை எல்லாம் இனி அவளுடையது. மெஷின் அடமானம் உட்பட. "கேட்டு வாங்கிக்குங்க. தரலைன்னா கோர்ட்டுக்குப் போகலாம்."

பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மெஷினுக்கு ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். வேறு வீட்டுக்கு முன்பணமாவது ஆகும். இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் உறையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவள் தம்பி மனைவி. நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த உறையைப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பேங்க்லேருந்து வந்திருக்காங்க."