பழைய நியமனம் ரத்து

பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உறையின் மேல் மகன் பெயர்தான் இருந்தது. கல்யாணமாகித் தனி வீடு போய் எட்டு மாதமாகியும் அவனுக்கு வரும் தபால் பாதி இங்கேதான் வந்து விழும். முகவரி மாற்ற அவனுக்கு நேரம் இல்லையாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு ஊரில் இருக்கிற மாடியெல்லாம் ஏறி இறங்கவே பொழுது சரியாக இருக்கிறது.

உறையைப் பிரித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும், போன மாதம் அவன் வந்து பாலிசிப் பத்திரத்தை வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. "அட்ரஸ் மாத்தணும்மா, ஒரிஜினல் கேக்குறாங்க" என்றான். அலமாரியின் அடித்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்பது வருஷமாக வைத்திருந்ததை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மாற்றிவிட்டானென்றால் கடிதம் ஏன் பழைய விலாசத்துக்கு வருகிறது?

பிரித்தாள். உள்ளே அதே பத்திரம். அதன் பின்பக்கத்தில் புதிதாக ஒரு ரப்பர் முத்திரை, பதிவு எண், தேதி, அதிகாரியின் கையெழுத்து. 'தாய் பெயரில் இருந்த பழைய நியமனம் ரத்து செய்யப்பட்டது. மனைவி பெயரில் புதிய நியமனம் பதிவு செய்யப்பட்டது.' கூடவே மகன் எழுதிய கடிதத்தின் நகல், 'பெறப்பட்டது' என்ற முத்திரையோடு. 'எனக்குத் திருமணம் ஆகிவிட்டபடியால்' என்று தொடங்கியது. பாலிசி எண், மனைவியின் பெயர், வயது, உறவு. இணைப்புகள்: அசல் பத்திரம், திருமணச் சான்றிதழ் நகல், இருவரின் அடையாள அட்டை நகல். அடியில் மகனின் கையெழுத்து. அதற்கு இடப்பக்கம், சாட்சி என்ற இடத்தில், கோழி கிளறின மாதிரி இன்னொரு கையெழுத்து.

அந்தக் கோழிக் கிறுக்கலை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். அது அவளுடைய சொந்தத் தம்பியின் கையெழுத்து. வாரத்துக்கு மூன்று நாள் வந்து, அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போகிறவன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப்போடுவது அவள் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் துணி மலையாகக் குவியும். குவியட்டும் என்று இன்ஷூரன்ஸ் கிளைக்குப் போனாள். டோக்கன் எடுத்து, ஒரு மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? என்ன பிரச்சினை?"

"பழைய ஆளை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"நாமினியா? கேக்கத் தேவையில்லம்மா. பாலிசி யார் பேர்ல இருக்கோ அவர் எப்ப வேணும்னாலும் மாத்தலாம். ஃபாரம் சரியா இருக்கணும், சாட்சி வேணும், புது நாமினியே சாட்சி போடக் கூடாது. அவ்வளவுதான். நாங்க பதிஞ்ச நாள்ல இருந்து செல்லும்."

"திரும்ப மாத்தணும்னா?"

"அவரே வந்து எழுதிக் குடுக்கணும். நீங்க யாரு?"

"ரத்தானவ" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இதே மாதிரி ஒரு கவுண்டரின் முன்னால் முன்பும் அவள் நின்றிருக்கிறாள், ஆறு வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசியில் அவன் அம்மா பெயர் இருந்தது. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று ஏழு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கண்ணை மூடிவிட்டான். பதிவில் யார் பெயரோ அவர் கையில்தான் கொடுப்போம், வாரிசுப் பங்கு வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். வக்கீலுக்கு எங்கே போவாள்? மாமியார் வாங்கியதை வாங்கியபடி மகள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பேரனுக்கு ஒரு சட்டைத் துணி அனுப்பினாள், அதுவும் சின்ன அளவு.

அன்று மாலை மகன் வீட்டு மூன்று மாடியையும் படியேறித்தான் போனாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மருமகள் பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. மகன் கையில் கிரீஸோடு சிங்க் முன்னால் நின்றான். அவள் உறையை மேஜைமேல் வைத்தாள்.

"உன் அட்ரஸ் மாறி வந்திருக்கு பாரு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அம்மா... சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? உன் மாமனுக்குச் சொல்ல நேரம் இருந்துச்சு. என்கிட்ட வந்து, என் அலமாரியிலேருந்து, என் கையாலயே எடுத்துக் குடுக்க வச்சிட்டுப் போயிருக்கே. திருடன்கூட கதவைத் தன் கையாலதானேடா உடைப்பான்!"

"உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான்..."

"உன் பொண்டாட்டி பேர்ல எழுதினா எனக்கு என்னடா கஷ்டம்? எழுதாம விட்டா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தானே உன்னை வளத்தேன்?"

"அதனாலதாம்மா மாத்தினேன்!" அவன் குரல் உயர்ந்தது. "அப்பா மாதிரி நானும் விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னுதான். இவ போய் அந்த கவுண்டர்ல நிக்கக் கூடாதுன்னுதான்."

"அப்போ ஏன்டா ஒளிச்சே?"

அவன் கிரீஸ் கையைப் பார்த்தான். மருமகள் "வேண்டாம்" என்று மெல்லச் சொன்னாள். அவன் சொல்லிவிட்டான்.

"நீயும் பாட்டி மாதிரி ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

சிங்க்கில் குழாய் திறந்தே கிடந்தது. மருமகள் அதை மூடினாள்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிப் போர்வை தைத்து அவனை ஆளாக்கியதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அதுவும் அந்தக் கிழவி பேசிய பேச்சாகவே ஆகிவிடும் என்று தோன்றியது. அவள் மாமியாரும் இப்படித்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு, நான் வளர்த்தேன், நான் வளர்த்தேன் என்றாள். மகன் ஒரு வார்த்தையில் இவள் வாயைக் கட்டிவிட்டான்.

கிளம்பினாள். மகன் கூப்பிடவில்லை. மருமகள்தான் படியிறங்கி ஓடிவந்தாள்.

"அத்தை, நான் சொல்லச் சொன்னேன். சத்தியமா. சொல்லிட்டு மாத்துங்கன்னுதான் சொன்னேன்."

"தெரியும்மா. நீ பயப்படாதே." அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பத்திரத்தை அவன்கிட்ட விடாதே. நீயே வச்சுக்கோ. நம்பரை வேற ஒரு இடத்துல எழுதி வை."

"நீங்க மேல வாங்க அத்தை. இப்படிப் போகாதீங்க."

"இன்னொரு நாள் வரேன்."

வழியில் தம்பியின் போன் இரண்டு முறை வந்தது. மகன் செய்தி சொல்லியிருப்பான். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி அவள் வீட்டில் காப்பி குடிக்கவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகன் மேல் ஆத்திரத்தைக் கூட்டிப் பார்த்தாள். அது பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது ஒரு கேள்விதான். அன்றைக்கு அவன் வந்து, அம்மா, நாமினியை மாற்றப்போகிறேன், பத்திரத்தைக் கொடு என்று நேராகக் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

'சரிடா, நல்ல காரியம்' என்று சொல்வதாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்தது: 'அப்போ நான் யாருடா உனக்கு?'

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதைக் கண்டக்டர் சொல்லித்தான் கவனித்தாள்.