நேர வரியைத் தொடாதே

என் தம்பிக்குக் காது கேட்காது. ஆனால் நடிகர்கள் எப்போது வாய் திறக்கிறார்கள் என்பதை அவனைப் போலக் கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்தில் ஆள் கிடையாது. திரையின் அடியில் ஓடும் ஒலி அலையையும் நடிகர்களின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு சப்டைட்டிலும் எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று நேரம் போடுவான். அந்த வரிகளைத் தமிழில் எழுதுவது என் வேலை.

அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுக்க முதலாளியின் காதைக் கடித்துத் துப்பாத குறைதான். "காது கேக்காதவன் எப்படிம்மா நேரம் போடுவான்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தொடரை அனுப்பினோம். ஒரு நேரத்தைக்கூட மாற்றாமல், தொடரை எங்களிடம் கொடுத்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சுடிதாருக்குக் காலர் இல்லை. இருந்திருந்தால் அன்று முழுக்கத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்திருப்பேன்.

பிறகு ஒரு திருத்தம் வந்தது. நாயகியின் பெயரை நாங்கள் 'மிரேல்' என்று எழுதியிருந்தோம், 'மிரேலா' என்று மாற்ற வேண்டும். எழுத்தை மட்டும் மாற்றுங்கள், அதற்கு மேலே இருக்கும் நேர வரிகளைத் தொடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பல் பிடுங்கப் போயிருந்ததால் முதலாளியே உட்கார்ந்து மாற்றி அனுப்பிவிட்டார்.

மறுநாள் கோப்புகள் திரும்பி வந்தன. நேரம் பல இடங்களில் தவறு என்றார்கள். கடைசிக் காட்சியில் தாய் கூப்பிட, மகள் திரும்பிப் பார்க்கிறாள். அவள் திரும்பி முடித்த பிறகுதான் 'மிரேலா' என்ற எழுத்தே வருகிறதாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல? அடுத்த தொடருக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

அவர் உதட்டைத் தம்பி படித்துவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று. தையல் போட்ட ஈறு வலிக்க வலிக்க வாயைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று, நிறுவனம் முன்பு ஏற்றுக்கொண்ட கோப்பை இடப்பக்கமும் அவர் அனுப்பியதை வலப்பக்கமும் வைத்து ஒப்பிட்டேன். மாறிய வரிகள் மஞ்சளாகத் தெரியும். பெயர் இருந்த வரிகள் மட்டும்தான் மஞ்சளாகியிருக்க வேண்டும். அவற்றுக்கு மேலிருந்த நேர வரிகளும் அங்கங்கே மஞ்சளாக இருந்தன.

தம்பி அவருடைய கணினியை எட்டிப் பார்த்தான். சப்டைட்டில் மென்பொருளில் ஒரு கட்டத்தில் டிக் இருந்தது: வாசிக்க நேரம் போதாத வரிகளைத் தானாக நீட்டு. பெயர் நீண்டதும் மென்பொருள் அந்த வரியின் நேரத்தை நீட்டி, அடுத்த வரியைப் பின்னால் தள்ளியிருந்தது.

"நான் பேரைத்தானே மாத்துனேன்" என்றார் முதலாளி. குரல் பாதியாகியிருந்தது.

பழைய கோப்பையே எடுத்தோம். மென்பொருளை மூடிவிட்டு, வெறும் எழுத்துக் கோப்பாகத் திறந்தோம். 'மிரேலை', 'மிரேலுக்கு' என்று பெயர் வேறு உருவில் வந்த இடங்களைக் கையாலேயே திருத்தினேன். ஒரு வரி மட்டும் முரண்டு பிடித்தது: "அடிப் பாவி, மிரேலாவை ஏன் அழ வைத்தாய்?" அந்தச் சொற்ப நேரத்தில் யாராலும் வாசித்து முடிக்க முடியாது. அந்தப் 'பாவி'யின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. தம்பியைப் பார்த்தேன், கொஞ்சம் நேரம் கொடேன் என்று.

அவன் கைகளால் சொன்னான்: "அதைச் சொல்றவ மூஞ்சியைப் பாருக்கா. பாவிங்கறது அதுலயே இருக்கு. எழுதி வேற காட்டணுமா?"

பார்த்தேன். இருந்தது. மூன்று வருடமாக மொழிபெயர்க்கிறேன், ஒரு நாளும் எனக்கு இது தோன்றியதில்லை. 'அடிப் பாவி'யை வெட்டினேன், அவன் நேரத்தைத் தொடவில்லை.

மறுபடி ஒப்பிட்டபோது நேர வரி ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. ஆனாலும் முதலாளிக்கு மனசு ஆறவில்லை. கடைசிக் காட்சியைப் போடச் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், தாய் கூப்பிடும் பெயர் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும். தம்பி திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், பெயரை வாசித்ததும் தூக்குவான்.

காட்சி ஓடியது. தாய் வாயிலுக்கு வந்தாள். மகள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

முதலாளி கையை இறக்காமலே திரும்பினார். தம்பியின் கை மேலே இருப்பதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நிறுவனத்துக்குப் பதில் எழுதினார்: பிழை என்னுடையது. நேரம் போட்டவர் முதலிலேயே சரியாகப் போட்டிருந்தார். அடுத்த தொடருக்கும் அவரே.

எழுதியதை அனுப்புவதற்கு முன், தம்பி வாசிக்கட்டும் என்று திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவன் நிதானமாக வாசித்தான். என்னைப் பார்த்து, இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக் காட்டினான்.