இந்தியர் பங்கு நிரம்பிய புளோக்

2006-இல் ஷார்ஜாவின் முவைலாவில் வேலை பார்த்த சிங்கப்பூர்த் தமிழர் பத்மநாபன், ஊர் திரும்பும் எண்ணத்தில் சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடு ஒன்று தேடினார். பிடித்த வீடு ஒரு சீனருடையது. முகவர் யோகேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, ஒவ்வொரு புளோக் கட்டடத்திலயும், வட்டாரத்திலயும் ஒரு இனத்துக்கு இத்தனை வீடுதான்னு அரசு வரம்பு இருக்குல்ல, அந்த புளோக்ல 'இந்தியர், மற்றவங்க' பங்கு நிரம்பிடுச்சு. சீனர்கிட்ட நீங்க வாங்க முடியாது. ஒரு இந்தியர் வித்தா வாங்கலாம், எண்ணிக்கை மாறாது."

"நாங்க தமிழருங்கம்மா."

"ஐசி அடையாள அட்டைல இனம் இந்தியர்தானே அண்ணே. தமிழர், பஞ்சாபி எல்லாம் அதுக்குள்ளதான்."

மனைவி தாமரைக்குக் கோபம். "இங்க ஆபீஸ்ல சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுன்னு உங்கள யாரும் இந்தியர் கணக்குல சேர்க்கிறதில்ல. அங்க இப்படியா?"

இரண்டு மாதம் கழித்து அதே புளோக்கில் ஒரு சீக்கியர் தன் வீட்டை விற்க வந்தார். அந்த வட்டாரத்தில் சீனர் பங்கு நிரம்பியிருந்ததால், கேட்டு வந்த சீனர்களுக்கு அவரால் விற்க முடியவில்லை. பத்மநாபன் விடுப்பில் சிங்கப்பூர் போய்க் கையெழுத்திட்டார். சீக்கியருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பஞ்சாபி தெரியாது. மலாயில் பேசிக்கொண்டார்கள்.

"காகிதத்தில் நாம் ஒரே இனம்," என்றார் சீக்கியர்.

பத்மநாபன் சிரித்தார். சாவியை வாங்கியபோது மகிழ்ச்சியோடு, அந்த வரம்பு இவரைச் சீனர்களுக்கு விற்கவிடாததால்தானே வீடு தனக்குக் கிடைத்தது என்ற உறுத்தலும் இருந்தது.