விலைச்சீட்டுக்கு அடியில்

தேவகி எச்சில் தொட்ட கட்டைவிரல் நகத்தால் பெட்டியின் பின்பக்கத்து விலைச்சீட்டைச் சுரண்டினாள். பொம்மைக் கார் வாங்க ஓரிக்கையிலிருந்து வந்திருந்த பெண் மலங்க விழித்தாள்.

"பிள்ளைக்கு எத்தினி வயசும்மா?"

"மூணு நடக்குதுக்கா."

"அப்ப ரெண்டுதான் முடிஞ்சிருக்குது. முன்னாடி மூணுன்னு போட்டிருக்கிறது, மூணு முடிஞ்ச பிள்ளைக்கு. பின்னாடி பாரு. முப்பத்தாறு மாசம் ஆகாத பிள்ளைக்குக் கொடுக்காதே, சின்னச் சின்ன பாகம் இருக்குதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்குது."

"எம் பையன் படு கெட்டிக்காரன்க்கா."

"இது கெட்டிக்காரத்தனத்துக்குப் போட்ட வயசில்ல. கையில கிடைச்சதை வாயில போட்டுக்கிற வயசு. எம் பொண்ணும் கெட்டிக்காரிதான். டயரைக் கழட்டத் தெரிஞ்சுது."

அந்தப் பெண் பெட்டியை வைத்துவிட்டு நடந்தாள். கல்லாவில் இருந்த கடைக்காரன் வேணுகோபால் பல்லைக் கடித்தான்.

எழுபத்தொன்பதில், பங்குனி உத்திரத்தன்று, அதே மாதிரி சிங்கப்பூர்க் காரைத் தேவகிக்கு விற்றவன் அவன். "மூணு நடக்குதா? பெட்டியிலயே மூணுன்னு போட்டிருக்குதும்மா, தைரியமாக் கொடு" என்றான். மறுநாள் அதன் ரப்பர் டயர் மகள் வள்ளியின் மூச்சுக்குழாயில் சிக்கியது. தொண்டையில் துளை போட்டுப் பிழைக்க வைத்தார்கள். குரல் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கொண்டுவரச் சொன்ன நர்ஸம்மாதான் சீட்டை உரித்து, அடியில் இருந்ததைப் படித்துச் சொன்னாள்.

தேவகி கடைக்கு வந்து பார்த்தாள். தண்ணீர்த் துப்பாக்கிக்கும் பம்பரத்துக்கும் சீட்டு முன்பக்கம். எச்சரிக்கை அச்சான பெட்டிகளில் மட்டும் அந்த வரியின் மேலேயே. தெரியாமல் செய்தவன் கை இப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டாது. அன்றிலிருந்து தறியை விட்டு இறங்கியதும் நேராக இங்கேதான் வருகிறாள்.

"ஏம்மா, பொழப்பைக் கெடுத்துக்கினு நிக்கிறே? போலீசைக் கூப்பிடவா?" என்றான் வேணுகோபால்.

"கூப்பிடுய்யா. அவங்களுக்கும் சுரண்டிக் காட்டறேன்."

முன்பெல்லாம் அவனை அண்ணே என்பாள்.

வேணுகோபால் எழுந்து எல்லாச் சீட்டையும் உரித்து முன்பக்கம் ஒட்டினான். "போதுமா?"

"இங்கிலீஷை யாருய்யா படிப்பா? வாயால சொல்லு. வர்றவங்க எல்லாருக்கும் சொல்லு."

வாலாஜாபாத்திலிருந்து வந்த குடியானவர் ஒருவர் மரவண்டியைத் தூக்கிப் பார்த்தார். "பேரனுக்கு ஒரு வயசு. இதுல ஒண்ணும் எழுதலை. பயமில்லையே?"

தேவகி வேணுகோபாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருகினான். கையோடு வந்தது, உள்ளே இருந்த ஆணியும் சேர்ந்து.

"எழுதலேன்னா நல்லதுன்னு அர்த்தமில்லைங்க. யாரும் சோதிச்சுப் பார்க்கலை. சின்னப் பிள்ளைக்கு ஆகாது."

"சத்தமா" என்றாள் தேவகி.

"ஆகாதுங்க!"

பெரியவர் போய்விட்டார். தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நீ சொன்னதைச் செஞ்சிட்டேன். இனிமே வரமாட்டியே?"

"உனக்குத் தொண்டை கட்டற வரைக்கும் வருவேன்" என்று படியில் உட்கார்ந்தாள் தேவகி. "அதோ, கைப்பிள்ளையோட ஒருத்தி வர்றா. சொல்லு."