நல்ல பார்ட்டி

கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுருளிவேல் முதல் ஆர்டரிலேயே நானூறு சுங்குடிச் சேலை கேட்டார். மூன்று லட்சம். நாற்பத்தைந்து நாள் கடன். ஆடி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வாயெல்லாம் பல்.

சின்னாளப்பட்டியில் என்னிடம் கணக்குப் பார்க்கும் ஸ்ரீமதிதான் கெடுத்தாள். அந்தக் கடையின் ஜிஎஸ்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு மாசமா ரிட்டர்ன் போடல. அதுக்கு முந்தியும் லேட்டாத்தான் போட்டிருக்காக. மொதத் தடவ பாதி அட்வான்ஸ் கேளுங்க" என்றாள்.

"அட்வான்ஸ் கேட்டா வேற ஆளுகிட்டப் போயிருவாரு, தாயி."

"அப்ப அவருக்குச் சரக்குப் போடுற நாலு பேருகிட்ட விசாரிங்க."

ஒரு தாளில் கேள்விகளையும் எழுதிக் கொடுத்தாள். எத்தனை வருசப் பழக்கம், அதிகபட்சம் எவ்வளவு கடன், எத்தனை நாளில் வருகிறது, இன்றைக்குப் பாக்கி எவ்வளவு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல. எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் ஒரே ஒருவரைக் கேட்டேன். திண்டுக்கல்லில் வேட்டி, துண்டு மொத்த வியாபாரம் பார்க்கும் பொன்னுத்துரை. சுருளிவேல் கொடுத்த பெயரும் அதுதான். அவரைக் கேட்ட பிறகு இன்னொருவரைக் கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு வெட்டிக் கௌரவம் உண்டு.

"ஆறு வருசப் பழக்கம்ப்பா. நல்ல பார்ட்டி. தாராளமாப் போடு" என்றார்.

"நாளு தவறாம குடுப்பாராண்ணே?"

"அதெல்லாம் குடுப்பாரு."

"நீங்க சொன்னாப் போதும்ண்ணே."

ஸ்ரீமதியின் கடைசிக் கேள்வி தாளிலேயே கிடந்தது. இவ்வளவு பெரிய மனிதரிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்க எனக்குக் கூச்சம். கம்பம் மூன்று மணி நேரப் பயணம்தான், கடையை ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. சரக்கு லாரியில் ஏறியது.

சுருளிவேல் கொடுத்திருந்த செக்கை நாற்பத்தைந்தாம் நாள் பேங்கில் போட்டேன், பணமில்லை என்று திரும்பி வந்தது. பத்து நாள் போன் அடித்துச் சலித்த பிறகு பஸ் ஏறினேன். கடையில் பாதி அலமாரி காலி. சுருளிவேல் டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை.

"ஒங்க சேலையெல்லாம் நல்லா வித்துச்சுண்ணே. வித்த காசு பொன்னுத்துரை அண்ணனுக்குப் போயிருச்சு. ஒரு வருசப் பாக்கி, தெனம் ஆளு விட்டாரு. அடுத்த சரக்கு வரட்டும், ஒங்களுக்கு மொத ஆளா அடைச்சிருறேன்."

திரும்பும் வழியில் திண்டுக்கல்லில் இறங்கி நேராகப் பொன்னுத்துரை கடைக்குப் போனேன். அவர் மறுக்கவே இல்லை.

"நான் என்ன சொல்லியிருக்கணும், வேலுசாமி? மோசம்னா நீ சரக்குப் போட மாட்ட, என் காசு வராது. பாக்கி இருக்கான்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலியே."

அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்காமல் போனவன் நான் என்பதால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

சுங்குடிப் புள்ளி விழச் சேலையில் முடிச்சுப் போட்ட பெண்களுக்கு மூன்று வாரக் கூலி நின்றது. ராமுத்தாய் தினமும் வாசலில் வந்து நின்று, "இன்னைக்காச்சும் கெடைக்குமாய்யா? கேஸ் வாங்கணும்" என்பாள். நாளைக்கு என்பேன். என் முகத்தை நானே பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரம்தான் நிலக்கோட்டையிலிருந்து மணிமேகலை என்று ஒரு பெண் போன் செய்தாள். மகளிர் குழுவாக நைட்டி தைக்கிறார்களாம். கம்பம் சுருளிவேல் இரண்டு லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்துக் கடன் கேட்கிறாராம். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"மொத ஆர்டருண்ணே, அதான் பயமா இருக்கு. குழுவுல லோன் போட்டுத்தான் துணி எடுக்கணும். நாளு தவறாம குடுப்பாரா?"

எதிர் மேசையில் ஸ்ரீமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பாக்கி எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

"நல்ல பார்ட்டிம்மா. தாராளமாப் போடு."

"நீங்க சொன்னாப் போதும்ண்ணே."

ஸ்ரீமதி அன்று சாயங்காலம் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

அடுத்த மாதம் சுருளிவேலிடமிருந்து என் கணக்கில் ஒண்ணே முக்கால் லட்சம் ஏறியது. அன்றைக்கே பெண்களைக் கூப்பிட்டு நின்ற கூலி முழுவதையும் கொடுத்தேன். ராமுத்தாய் நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"யாரு வயித்துலயும் அடிக்காத மனுசன்யா நீ. நல்லா இருப்ப."